வயசு 52, சேமிப்பு கம்மி, இன்னும் பத்து வருஷம் தான் உழைக்க முடியும்: வடசென்னை ஆளுங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்விகள்

எனக்கு 52 ஆவுது, கையில ஒன்றரை லட்சம் கூட இல்ல. எங்கேந்து ஆரம்பிக்கிறது?

பழைய பிஎஃப் சீட்டுலேந்து. நெஜமாத்தான் சொல்றேன். என்ன கோர்ஸ் படிக்கலாம், எந்த வேலைக்கு மாறலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி, வாழ்க்கையில இதுவரைக்கும் எத்தனை வருஷம் உங்க பேர்ல பிஎஃப் கட்டியிருக்காங்கன்னு தெரியணும். ஏன்னா பென்ஷனுக்கு மொத்தம் பத்து வருஷ சர்வீஸ் வேணும், அது ஒரே கம்பெனியில தொடர்ச்சியா இருக்கணும்னு இல்ல, நடுவுல பதினஞ்சு வருஷம் ஆட்டோ ஓட்டினாலும் பரவால்ல. வடசென்னையில நம்ம வயசு ஆளுங்க நெறைய பேர் இருபதுகள்லயும் முப்பதுகள்லயும் திருவொத்தியூர், மணலி, எண்ணூர் பக்கம் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்லயோ காண்ட்ராக்ட்லயோ பிஎஃப்போட வேலை பார்த்தவங்க தான். அப்புறம் கம்பெனி மூடிச்சு, வெளிய வந்து சொந்தமா ஏதோ பண்ணி, இப்ப கூலி கணக்குல கையில காசு வாங்குறாங்க. அந்த பழைய ஆறேழு வருஷம் இன்னும் உசுரோட இருக்குதா இல்லையாங்கிறது தான் அடுத்த பத்து வருஷத்த தீர்மானிக்குது.

நான் மணலியில ஒரு லேபர் காண்ட்ராக்டர் ஆபீஸ்ல 18 வருஷம் சம்பள பட்டியல் போட்டு பிஎஃப், ஈஎஸ்ஐ சலான் கட்டினவன். இங்க நான் எழுதுறது எல்லாம் எங்க தெருவுல, தண்டையார்பேட்டையில, இருக்கிற ஒரு அண்ணனோட கணக்க வெச்சு தான். போன வருஷம் அவருக்கு 52 வயசு, லேத் மிஷின் ஆளு, வாடகை வீடு, பொண்ணு காலேஜ் கடைசி வருஷம், பையன் பத்தாவது, அண்ணி வீட்லயே தையல். பேங்க்ல 1,40,000, மூணு வட்டிக்கு வாங்கின கடன் 1,20,000, அண்ணி கழுத்துலயும் கையிலயும் சேர்த்து கொஞ்சம் நகை. அவ்ளோ தான் சொத்து.

வேலைய விட்டப்பவே பிஎஃப் பணத்த எடுத்துட்டேனே, இனிமே அதுல என்ன இருக்கு?

எந்த ஃபாரம் போட்டு எடுத்தீங்கங்கிறதுல தான் எல்லாமே இருக்குது. பிஎஃப் பணம் வேற, பென்ஷன் கணக்கு வேற. கம்பெனி நம்ம பேர்ல கட்டுற 12 சதவீதத்துல 8.33 சதவீதம் பென்ஷன் பக்கம் போயிடும், மிச்சம் 3.67 தான் நம்ம பிஎஃப் கணக்குல சேரும். ஃபாரம் 19 போட்டா பிஎஃப் பணம் மட்டும் வரும். ஃபாரம் 10சி போட்டு பென்ஷன் பக்கத்து பணத்தையும் வாங்கியிருந்தா அந்த வருஷங்கள் மொத்தமா அழிஞ்சிடும், திரும்ப சேர்க்க முடியாது. 10சி போடலைன்னா பணம் எடுத்தவருக்கும் சர்வீஸ் அப்படியே நிக்குது.

எங்க அண்ணன் 1999லேந்து 2006 வரைக்கும் ஏழு வருஷம் திருவொத்தியூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல இருந்தாரு. "எல்லாத்தையும் எடுத்துட்டேன்டா, ஒரு சைக்கிளும் ஃபேனும் வாங்கினேன்"ன்னு சாதிச்சாரு. அண்ணி பீரோவுக்கு மேல இருந்த பெட்டிய எறக்கி தேடினதுல ஒரு பழைய வருஷாந்திர பிஎஃப் சிலிப் கெடைச்சுது, டிஎன்/எம்ஏஎஸ்னு ஆரம்பிக்கிற நம்பர். எந்த கம்பெனிக்கு மாறினாலும் மாறாத யூஏஎன்ங்கிற பிஎஃப் நம்பர் வந்ததே 2014ல தான், அதனால அதுக்கு முன்னாடி வேலைய விட்டவங்களோட சர்வீஸ் ஆன்லைன்ல தெரியாது, தெரியலைன்னு விட்டுட கூடாது. அந்த சிலிப்ப எடுத்துக்கிட்டு ராயப்பேட்டை ஹை ரோட்டுல இருக்கிற பிஎஃப் ஆபீசுக்கு போனோம், மூணு தடவை அலைஞ்சோம், கடைசியில 10சி செட்டில் ஆகலன்னு உறுதியாச்சு. அதுக்கு அப்புறம் அதே 10சி ஃபாரத்துல "பணம் வேணாம், ஸ்கீம் சர்டிஃபிகேட் குடுங்க"ங்கிற பகுதிய டிக் பண்ணி போட்டோம். இது நெறைய பேருக்கு தெரியாது, ஒரே ஃபாரம் தான், ஒரு பக்கம் டிக் பண்ணா சர்வீஸ் போயிடும், இன்னொரு பக்கம் டிக் பண்ணா சர்வீஸ் காகிதமா கையில வரும். பழைய கம்பெனி மூடிட்டதால முதலாளி கையெழுத்துக்கு பதிலா பேங்க் மேனேஜர் கையெழுத்து வாங்கி குடுத்தோம், ஏத்துக்கிட்டாங்க.

ஒரு எடத்துல கையில 24,000 தர்றேங்கிறாங்க, இன்னொரு எடத்துல பிஎஃப், ஈஎஸ்ஐ எல்லாம் இருக்கு ஆனா 20,000 தான். எதுக்கு போறது?

அண்ணனுக்கும் அச்சு அசல் இதே கேள்வி தான் வந்துது. ஒண்ணு கொருக்குப்பேட்டையில தெரிஞ்சவரோட பட்டறை, வவுச்சர்ல 24,000. இன்னொண்ணு மணலி பக்கம் ஒரு ஃபேக்டரி, லேத் செக்‌ஷன், மொத்தம் 20,000, அதுல பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 15,000.

மொதல்ல கைக்கு வர்றத பாருங்க. 15,000க்கு 12 சதவீதம் பிஎஃப் 1,800 புடிப்பாங்க, ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 150 ரூபா, ஆக 18,050 கைக்கு வரும். அதாவது பட்டறைக்கு போறத விட மாசம் 5,950 கம்மி. வீட்ல இத சொன்னா யாருக்கும் மனசு ஒப்பாது, அண்ணியும் ஒப்புக்கல, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

ஆனா அந்த 5,950ல 1,800 எங்கயும் போகல, அவர் பேர்ல தான் சேருது. அதுகூட கம்பெனி 550 சேர்க்குது, ஆக மாசம் 2,350. இப்ப இருக்கிற 8.25 சதவீத வட்டி அப்படியே இருந்தா 58 வயசுல, ஆறு வருஷத்துல, 2,10,000க்கு மேலயே ஆகும். கிராஜுவிட்டி அஞ்சு வருஷம் தாண்டினா தான் உண்டு, அவருக்கு ஆறு வருஷத்துக்கு 15,000 சம்பளத்துல பார்த்தா கிட்டத்தட்ட 52,000. பட்டறையில இது ரெண்டும் கெடையாது, இத்தன வருஷமா அவருக்கு மாசா மாசம் ஒழுங்கா தனியா சேர்க்க வரல, அதான் உண்மை.

அதுக்கு மேல ரெண்டு விஷயம் இருக்கு, என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த ரெண்டு தான் முடிவு பண்ணிச்சு.

ஒண்ணு இன்சூரன்ஸ். பிஎஃப் சந்தா கட்டுற வேலையில இருக்கும்போது ஆளு இறந்துட்டா இடிஎல்ஐன்னு ஒரு காப்பீடு குடும்பத்துக்கு வரும், நம்மகிட்டேந்து அதுக்கு தனியா எதுவும் புடிக்க மாட்டாங்க. கடைசி 12 மாச சராசரி சம்பளத்துக்கு 35 மடங்கு, 15,000 வரைக்கும் தான் கணக்கு, அப்ப 5,25,000, அதுகூட பிஎஃப்ல இருக்கிற சராசரி பணத்துல பாதி, எல்லாம் சேர்ந்து 7 லட்சத்த தாண்டாது. கூடவே மனைவிக்கு மாச பென்ஷன். 436 ரூபா கட்டுற பிரதமர் ஆயுள் காப்பீட்டுல 50 வயசுக்கு மேல புதுசா சேர முடியாது, தனியார்ல இந்த வயசுல, சுகர் வேற இருந்தா, பிரீமியம் கட்டி மாளாது. பொண்ணு பையன் இன்னும் கரை ஏறாத வீட்டுக்கு இது எவ்ளோ பெரிய பாதுகாப்புன்னு யோசிங்க.

இன்னொண்ணு ஈஎஸ்ஐ. சம்பளம் 21,000க்குள்ள இருந்தா தான் சேர்ப்பாங்க. வேலையில இருக்கிற வரைக்கும் குடும்பத்துக்கே வைத்தியம், நமக்கு பெரிய ஆஸ்பத்திரின்னா அயனாவரம் ஈஎஸ்ஐ. ஒடம்பு சரியில்லாம லீவு போட்டா 91 நாள் வரைக்கும் சம்பளத்துல 70 சதவீதம் கெடைக்கும். ஆனா ஜனங்களுக்கு தெரியாத விஷயம் என்னன்னா, குறைஞ்சது அஞ்சு வருஷம் ஈஎஸ்ஐயில இருந்து ரிடையர்மெண்ட் வயசுல வேலைய முடிச்சவங்க, வருஷத்துக்கு வெறும் 120 ரூபா கட்டினா புருஷனுக்கும் பொண்டாட்டிக்கும் அதுக்கப்புறமும் வைத்தியம் தொடரும். 52ல சேர்ந்தா 58ல ஆறு வருஷம் ஆயிடும். 53 வயசுக்கு மேல சேர்ந்தா 58க்குள்ள இந்த அஞ்சு வருஷமே வராது. அதனால தான் இந்த முடிவ தள்ளிப்போடாதீங்கன்னு நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் கெஞ்சாத குறையா சொல்றேன். நடுவுல கோச்சுக்கிட்டு வேலைய விட்டாலும் இது கெடைக்காது, ரிடையர் ஆனதா கம்பெனி எழுதித் தரணும்.

சரி, அந்த 5,950 ரூபா குறையுதே, வீட்டுக்கு என்ன பதில் சொல்றது?

வட்டியில கை வைங்க. அண்ணன் 1,20,000 கடனுக்கு மூணு வட்டி, மாசம் 3,600 கட்டிட்டு இருந்தாரு, நாலு வருஷமா, அசல் அப்படியே நிக்குது. வீட்ல நகை சும்மா இருக்குது, ஆனா அடகு வெச்சா அசிங்கம்னு நெனப்பு. அண்ணிகிட்ட ஒக்காந்து பேசி, நகைய பேங்க்ல வெச்சு அந்த 1,20,000 வாங்கி வட்டிக்காரர மொத்தமா முடிச்சோம். பேங்க்ல வருஷத்துக்கு ஒம்போது பத்து சதவீதம், மாசத்துக்கு ஆயிரம் ரூபா தான் ஆகுது. அதுலயே 2,600 மிச்சம். பத்திரம், எழுதாத செக் எல்லாத்தையும் வட்டிக்காரர்கிட்டேந்து திருப்பி வாங்கிட்டு தான் வெளிய வந்தோம், அதுல விட்டுக்குடுக்காதீங்க.

இன்னும் 3,350 பாக்கி. அதே கொருக்குப்பேட்டை பட்டறையில மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை மட்டும் போறாரு, ஒரு நாளைக்கு 900, ஆக 1,800. மிச்சம் 1,550ஐ பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் பேங்க்ல இருக்கிற காசுலேந்து எடுக்கிறதுன்னு முடிவு பண்ணாங்க, எட்டு மாசத்துக்கு 12,400. சேமிப்புலேந்து எடுக்கிறது தப்பு இல்ல, எவ்ளோ, எத்தன மாசம்னு முன்னாடியே எழுதி வெச்சிட்டு எடுக்கணும், அவ்ளோ தான். ஞாயித்துக்கிழமை வேலைய நான் வாரா வாரம் ஆக்க வேணாம்னு சொன்னேன், அம்பதுக்கு மேல ஏழு நாளும் லேத் முன்னாடி நின்னா முட்டியும் இடுப்பும் ஆறு வருஷம் தாங்காது, ஆறு வருஷம் தாங்குறது தான் நமக்கு முக்கியம்.

உண்மையிலேயே பென்ஷன் எவ்ளோ வரும்? ஒருத்தர் 3,000ங்கிறாரு, இன்னொருத்தர் 7,000ங்கிறாரு.

கணக்கு ரொம்ப சின்னது தான். சம்பளத்த சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70ஆல வகுக்கணும். சம்பளம்னா கடைசி 60 மாச சராசரி, அதுவும் 15,000க்கு மேல எண்ண மாட்டாங்க.

எல்லாரும் தப்பு பண்றது எங்கன்னா, 7 பழைய வருஷம், 6 புது வருஷம், மொத்தம் 13ன்னு போட்டு 15,000ஆல பெருக்கி 2,785ன்னு சந்தோஷப்படுறாங்க. 2014 செப்டம்பருக்கு முன்னாடி இருக்கிற வருஷங்களுக்கு உச்சவரம்பு 6,500 தான். அதனால ரெண்டு பங்கா போடணும். பழைய ஏழு வருஷத்துக்கு 650 ரூபா, புது ஆறு வருஷத்துக்கு 1,286 ரூபா, ஆக 58ல மாசம் சுமார் 1,936. அவருக்கு அப்புறம் அண்ணிக்கு அதுல பாதி, ஆனா குறைஞ்சபட்சம் 1,000 உண்டு.

இத கேட்டதும் அண்ணன் மொகம் வாடிப்போச்சு, இதுக்காடா இவ்ளோ அலைஞ்சோம்னு கேட்டாரு. எனக்கு அவர்கிட்ட கூட்டி சொல்ல மனசு வரல. 1,936ல குடும்பம் நடக்காது. அதே சமயம் 58ல கைக்கு வர்ற பிஎஃப், கிராஜுவிட்டி ரெண்டும் சேர்ந்த 2,60,000ஐ போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்துல போட்டா, இப்ப இருக்கிற 8.2 சதவீதத்துக்கு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை 5,330 வரும், மாசத்துக்கு பார்த்தா 1,777. அந்த திட்டம் பொதுவா 60க்கு மேல தான், ஆனா ரிடையர் ஆகி வந்த காசுன்னா 55 தாண்டினாலே போடலாம், காசு வந்த மூணு மாசத்துக்குள்ள போட்டாகணும். ரெண்டும் சேர்ந்து 3,700. வீட்டு அரிசி, பருப்பு, கரண்ட் பில்லு அதுல ஓடும். வாடகையும் மிச்சமும் 58க்கு அப்புறம் பார்க்கிற வேலையிலேந்து தான் வரணும், அதனால திட்டத்துல 62, 63 வரைக்கும் வேலை இருக்குதுன்னு இப்பவே ஏத்துக்கணும்.

50 தாண்டிட்டா இப்பவே பென்ஷன் வாங்கலாம்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரே?

பத்து வருஷம் முடிச்சு, பிஎஃப் வேலையில இப்ப இல்லாதவங்க வாங்கலாம், ஆனா 58க்கு எத்தன வருஷம் முன்னாடி வாங்குறீங்களோ வருஷத்துக்கு 4 சதவீதம் வெட்டுவாங்க, அந்த வெட்டு காலத்துக்கும் நிக்கும். ஒடம்பு வேலைக்கே ஒத்துழைக்காத நெலமைன்னா வாங்குங்க, இல்லன்னா வேணாம். ஏஜென்ட்டுக்கு இதுல எந்த வேலையும் இல்ல.

சம்பளத்துல புடிக்கிறாங்க, ஆனா கட்டுறாங்களான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

சேர்ந்த ரெண்டாவது மாசமே பாருங்க, வருஷம் கழிச்சு பார்க்காதீங்க. ஒரு மாசத்து பணத்த அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கம்பெனி கட்டணும். யூஏஎன்ல சேர்த்திருக்கிற செல்ஃபோன்லேந்து 9966044425க்கு மிஸ்டு கால் குடுத்தா கடைசியா கட்டின தொகை மெசேஜா வரும். முழுசா பார்க்கணும்னா passbook.epfindia.gov.in போங்க, அதுல மூணு கட்டம் இருக்கும், நம்ம பங்கு, கம்பெனி பங்கு, பென்ஷன் பங்கு. 15,000 சம்பளத்துக்கு வரிசையா 1,800, 550, 1,250ன்னு இருக்கணும்.

அந்த மூணாவது கட்டத்த தான் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டு பார்க்கணும். அது சைபரா இருந்து, கம்பெனி பங்கு 1,800ஆ இருந்தா, உங்கள பென்ஷன்ல சேர்க்கலன்னு அர்த்தம், பணம் கூட வர்ற மாதிரி தெரியும் ஆனா சர்வீஸ் ஓடாது. 2014க்கு அப்புறம் புதுசா சேர்றவங்களுக்கு பிஎஃப் சம்பளம் 15,000ஐ தாண்டினா பென்ஷன்ல சேர்க்க மாட்டாங்க, அதனால சேரும்போதே பேசிக், டிஏ எவ்ளோன்னு கேளுங்க. பழைய சர்வீஸ் இருக்குன்னு ஃபாரம் 11ல எழுதி, ஸ்கீம் சர்டிஃபிகேட்ட புது கம்பெனிகிட்ட குடுத்து கையெழுத்து வாங்கி ஒரு ஜெராக்ஸ் வெச்சுக்கோங்க. இத விட்டதால புதுசா ஒரு யூஏஎன் போட்டு ஆளு ரெண்டா பிரிஞ்சு கெடக்கிற கேஸ் நானே எத்தனையோ பார்த்திருக்கேன்.

நான் வேலை பார்த்த எடத்துலயே ஒரு சமயம் அஞ்சு மாசம் புடிச்ச காச கட்டாம வெச்சிருந்தாங்க. யாருமே பாஸ்புக் பார்க்காததால யாருக்குமே தெரியல, சலான் போடுற எனக்கு தான் தெரியும், நான் சொல்ல பயந்தேன், அது இன்னைக்கும் மனச உறுத்துது. நீங்க பாருங்க.

58க்கு அப்புறம் யாரு வேலை குடுப்பா? செக்யூரிட்டி தானா?

பன்னெண்டு மணி நேரம் நிக்கிற செக்யூரிட்டி வேலைய நான் கடைசியா தான் வைப்பேன், ராத்திரி முழிப்பு சுகர், பிரஷர் இருக்கிறவங்கள ரொம்ப சீக்கிரம் படுக்க வெச்சிடும். 58க்கு அப்புறம் என்ன வேலைங்கிறத 58ல தேடக்கூடாது, 52லேந்து 58 வரைக்கும் இருக்கிற ஃபேக்டரிக்குள்ளயே அதுக்கு தயாராவணும்.

லேத் ஆளுக்கு பக்கத்துல இருக்கிற கதவு இன்ஸ்பெக்‌ஷன். வெர்னியர், மைக்ரோமீட்டர், கோ நோகோ கேஜ் எல்லாம் கையில பழகினவர், டிராயிங் படிக்க தெரியும், சைஸ் எங்க ஏறும் எங்க எறங்கும்னு சத்தத்துலயே சொல்லுவாரு. அவருக்கு இல்லாதது ஒண்ணே ஒண்ணு, அளந்தத கம்ப்யூட்டர்ல ஏத்துறது. அதனால பெருசா காசு கட்டி எந்த கோர்சும் வேணாம்னுட்டேன். பொண்ணு ராத்திரி ஒக்காந்து எக்செல்ல தேதி, பார்ட் நம்பர், அளவு, ஓகே இல்ல ரிஜெக்ட்னு ஏத்த சொல்லிக்குடுத்துச்சு, இங்கிலீஷ் டைப்பிங் தான் ரெண்டு மாசம் இழுத்துச்சு. அப்புறம் பக்கத்து பார்வைக்கு கண்ணாடி போட்டாரு, இத சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க, வெர்னியர் கோடு மங்கலா தெரியுறத வெளிய சொல்லாமலே ரெண்டு வருஷம் ஓட்டியிருக்காரு. இப்ப செக்‌ஷன் இன்ஸ்பெக்டர் லீவுன்னா சூப்பர்வைசர் இவர தான் கூப்பிடுறாரு. 55 வாக்குல அந்த நாற்காலிக்கு மாறிட்டா, 58க்கு மேல அதே எடத்துலயோ வெளியிலயோ காண்ட்ராக்ட்ல தொடர்றது சுலபம், லேத்லயே நின்னா தொடர முடியாது.

ரெண்டாவது கதவு ஒண்ணு வெச்சிருக்கோம். மாதவரம், பெரம்பூர் பக்கம் பெரிய அபார்ட்மெண்ட்டுங்க எல்லாத்துலயும் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் இருக்குது, எஸ்டிபின்னு சொல்லுவாங்க, அதுக்கு ஆப்பரேட்டர் வேணும். பம்ப மாத்தி மாத்தி ஓட்டணும், புளோயர் நேரம் பார்க்கணும், ஃபில்டர பேக்வாஷ் பண்ணணும், ஒரு லிட்டர் ஜாடியில தண்ணி புடிச்சு அரை மணி நேரம் வெச்சு சேறு எவ்ளோ படியுதுன்னு பார்த்து நோட்டுல எழுதணும். மோட்டார், பேரிங், வால்வு தெரிஞ்ச ஆளுக்கு ஒரு மாசத்துல புடிபடும். வாசனை ஒண்ணு தான் கஷ்டம், போட்டுக்க மாஸ்க் குடுத்தாலும் மொத வாரம் சோறு எறங்காது. தொட்டிக்குள்ள எறங்கி சுத்தம் பண்ண சொன்னா மட்டும் மாட்டேன்னு சொல்லிடணும், விஷவாயு அடிச்சு உசுரு போயிடும், எறங்க சொல்றதே சட்டப்படி தப்பு. மாதவரத்துல ஒரு அபார்ட்மெண்ட்ல மெயின்டனன்ஸ் எடுத்திருக்கிறவர் அண்ணன்கிட்ட 14,000க்கு வர்றியான்னு கேட்டாரு, வயசு பத்தி பேச்சே எடுக்கல. இப்ப வேணாம், ஆனா அந்த நம்பர பத்திரமா வெச்சிருக்காரு. 3,700ம் 14,000மும் சேர்ந்தா 17,700, இப்ப கைக்கு வர்றதுக்கு கிட்ட வந்துடுது, அப்ப பொண்ணு வேலைக்கு போயிருக்கும், வட்டி கடனும் இருக்காது.

சொந்தமா ஒரு டிபன் கடை போட்டா சீக்கிரம் மேல வந்துடலாம்ல?

இருக்கிற 1,40,000 மொத்தத்தையும் அட்வான்சா குடுத்து போடுற கடைன்னா இந்த வயசுல நான் வேணாம்னு தான் சொல்லுவேன். 30 வயசுல நட்டமானா திரும்ப சேர்க்க நேரம் இருக்கு, 52ல இல்ல. அண்ணி சமைச்சு பக்கத்து ஃபேக்டரி ஆளுங்க பத்து பேருக்கு மதிய சாப்பாடு குடுத்து பார்க்கலாம், ஆறு மாசம் காசு கரெக்டா வருதான்னு பார்த்துட்டு அப்புறம் கடைய பத்தி பேசலாம்.

நான் 10சி போட்டு எல்லாத்தையும் எடுத்துட்டேன், 58க்குள்ள பத்து வருஷம் வரவே வராது. அப்ப எனக்கு இந்த கணக்கு ஒண்ணும் இல்லையா?

பென்ஷன் மட்டும் தான் இல்ல. பிஎஃப் பணம், இடிஎல்ஐ, ஈஎஸ்ஐ, 120 ரூபா வைத்தியம், கிராஜுவிட்டி எல்லாம் புதுசா ஆறு வருஷம் வேலை பார்த்தாலே உண்டு. அப்ப சம்பள வித்தியாசம் மூவாயிரம் நாலாயிரத்துக்குள்ள இருந்தா பிஎஃப் வேலைக்கே போங்க, ஏழாயிரம் எட்டாயிரம் வித்தியாசம்னா கையில வர்றத வாங்கி, அதுல மூவாயிரத்த சம்பளத்தன்னைக்கே போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில போடுற ஒழுக்கம் இருக்குதான்னு உங்களையே கேட்டுக்கோங்க. அடல் பென்ஷன்ல 40 வயசுக்கு மேல சேர முடியாது, யாராச்சும் சேர்த்து விடுறேன்னு காசு கேட்டா குடுக்காதீங்க. பிஎஃப் வேலையே கெடைக்காம கூலி, ஆட்டோ, கட்டட வேலைன்னே ஓடுறவங்க tnuwwb.tn.gov.in போய் அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியத்துல 60 வயசுக்கு முன்னாடி பதிஞ்சு, புதுப்பிச்சுக்கிட்டே வாங்க, 60க்கு மேல மாச ஓய்வூதியம் அதுல உண்டு.

பிஎஃப்ல என் பேரு இனிஷியலோட இருக்கு, ஆதார்ல அப்பா பேரு சேர்ந்து இருக்கு. அப்புறம் மாத்திக்கலாமா?

இப்பவே மாத்துங்க. நம்ம ஊர்ல இந்த இனிஷியல் பிரச்சினை வீட்டுக்கு வீடு இருக்குது, ஒரு எடத்துல "கே"ன்னு இருக்கும், இன்னொரு எடத்துல முழு பேரும் விரிஞ்சு பின்னாடி போயிருக்கும், கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு ஆளு. பிறந்த தேதி இன்னும் மோசம், ஆதார் எடுக்கும்போது வயசு மட்டும் சொன்னவங்களுக்கு ஜனவரி 1ன்னு போட்டிருப்பாங்க, 58 என்னைக்கு ஆவுதுங்கிறதே அந்த தேதிய வெச்சு தான். மொதல்ல பள்ளிக்கூட சர்டிஃபிகேட் வெச்சு ஆதார சரி பண்ணணும், அப்புறம் பேங்க் பாஸ்புக், பான், கடைசியா கம்பெனி மூலமா ஜாயின்ட் டிக்ளரேஷன் போட்டு பிஎஃப். இந்த வரிசைய மாத்தினா திரும்ப மொதல்லேந்து வரணும். கையோட ஈ-நாமினேஷன்ல மனைவி பேரையும் புள்ளைங்க பேரையும் ஏத்திடுங்க, அது இல்லன்னா இடிஎல்ஐ பணத்துக்கு அவங்க தான் அலைவாங்க. அண்ணனுக்கு பேரும் தேதியும் சரியாக நாலு மாசம் ஆச்சு, கம்பெனி கிளார்க்க வாரா வாரம் பார்த்து ஞாபகப்படுத்தினதால தான் அதுவும் முடிஞ்சுது.